முனிராஜ் வம்சம்

1986-ல் ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஷிப்டிலேயே மூன்று முனிராஜ்கள். சூப்பர்வைசர் அரை நிமிடத்தில் தீர்த்துவிட்டார்: மத்திகிரி முனிராஜ், பேரிகை முனிராஜ், பாகலூர் முனிராஜ். நான் பாகலூர். மஸ்டர் ரோலில் எம். முனிராஜ். அந்த எம் என் அப்பா மாரப்பா. பேரிகைக்காரரும் எம்.தான், அவர் அப்பா முனிசாமி. ஆனாலும் ஒருவர் சம்பளம் இன்னொருவருக்குப் போனதில்லை, டோக்கன் நம்பர் இருந்தது. தெலுங்கு பேசும் சகாக்களுக்கு வீட்டுப்பெயர் உண்டு. பெண் பார்க்கப் போகும்போது அதை எடுப்பார்கள், கேட் பாஸில் எழுத மாட்டார்கள்.

ரிட்டயர் ஆனபிறகு பாஸ்போர்ட் எடுத்தேன். அதில் இனிஷியல் செல்லாது. ஒன்று விரித்து எழுத வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டோம். Surname கட்டம் வெறுமை, Given Name கட்டத்தில் MUNIRAJ. இந்திய அரசாங்கத்துக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் அமெரிக்காவுக்குத்தான்.

மகன் அங்கே இருக்கிறான். பேத்தியைப் பார்க்கப் போகலாமென்று DS-160 படிவத்தைத் திறந்தோம். முதல் பக்கத்திலேயே Surnames. காலியாக விட்டால் அடுத்த பக்கம் நகராது. பிரவுசிங் சென்டர் தம்பி, "சார், அப்பா பேரைப் போட்டுடலாமா?" என்றான். நல்ல யோசனைதான், ஆனால் பாஸ்போர்ட்டின் பெயர்க் கட்டங்களில் மாரப்பா இல்லை. படிவத்தில் ஒன்றும் பாஸ்போர்ட்டில் ஒன்றுமாக இருந்தால், வேறு படிவம் போட்டு, அதன் நம்பரை அப்பாயின்ட்மென்ட்டில் மாற்றி அலைய வேண்டும். பெயரை இரண்டு கட்டத்திலும் போடு என்று சொல்பவர்களும் உண்டு. அப்படிப் போட்டால் நான் முனிராஜ் முனிராஜ். அதுவும் பாஸ்போர்ட்டில் இல்லாத ஆள்.

அமெரிக்கர்கள் சொல்லும் வழி வேறு. இருக்கிற ஒரே பெயர் Surnames கட்டத்துக்குப் போக வேண்டும். Given Names கட்டத்தில் FNU என்று அடிக்க வேண்டும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். அப்பா அம்மா ஆசையாக வைத்தது குடும்பப் பெயராகிவிட்டது, எனக்கென்று இருந்த பெயர் தெரியாமல் போய்விட்டது.

Surnames: MUNIRAJ
Given Names: FNU

அதற்குக் கீழே ஒரு கட்டம், பெயரைச் சொந்த எழுத்தில் கேட்டது. தமிழில் 'மா. முனிராஜ்' என்று அடித்தோம். அந்தப் படிவம் முழுவதிலும் நான் இருந்தது அந்த ஒரு கட்டத்தில்தான்.

அப்பாவின் விவரமும் கேட்டார்கள். Surnames: MARAPPA. Given Names பக்கத்தில் Do Not Know என்றொரு சின்னக் கட்டம், அதில் டிக். பெற்ற அப்பனின் பெயர் தெரியாது என்று அமெரிக்க அரசுக்கு எழுதிக் கொடுத்தேன். அடுத்து அவர் பிறந்த தேதி. அதற்கும் அதே டிக், இது மட்டும் சத்தியமான டிக். இருபது நிமிடம் கை வைக்காமல் இருந்தால் படிவம் மூடிக்கொள்ளும் என்பதால் துக்கப்பட நேரமில்லை.

வேடிக்கை அப்புறம்தான் தெரிந்தது. மகனின் பாஸ்போர்ட்டில் surname முனிராஜ், இனிஷியலை விரித்ததால் வந்தது. மனைவிக்கும் புருஷன் பெயரே surname. அமெரிக்காவில் பிறந்த பேத்திக்கும் அதுவே. அந்த ஊர்க் கணக்கில் நாங்கள் நாலு பேரும் 'முனிராஜ்' என்ற பழம்பெரும் குடும்பம். அவரவர்க்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்த வம்சத்தைத் தொடங்கிவைத்த ஆளுக்கு மட்டும் இல்லை.

நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு இருக்க, நேர்காணலுக்கு முந்நூறு கிலோமீட்டர் தாண்டிச் சென்னை போனோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்தார், மகன் வேலையைக் கேட்டார், பெயரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. FNU-க்களைப் பார்த்துப் பழகிய கை.

துபாய்க்கு இவ்வளவு சுலபமில்லை. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் ஏற்க மாட்டோம் என்று அமீரகம் சொன்னது. கொஞ்ச நாளில், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள். அங்கே மாரப்பாவுக்கு மதிப்பு உண்டு.

அமெரிக்க விசா ஒட்டி வந்தது. மகன் விமான டிக்கெட்டையும் விசாவில் உள்ளபடியே எடுத்தான்: MUNIRAJ/FNU MR. வழியில் விமானம் மாறும் இடத்தில் கவுன்டர் பெண் டிக்கெட்டைப் பார்த்து, "மிஸ்டர் ஃப்னு?" என்றாள். "யாரைக் கூப்பிடறா?" என்று மனைவி என்னைக் கேட்டாள். நான் கையைத் தூக்கினேன்.