கரண்ட் வந்தால் ஒரு முட்டை

நாமக்கல் பக்கம் என் மாமாவுக்குக் கோழிப்பண்ணை. சேலத்தில் சும்மா இருந்த நான் பஸ் ஏறிப் போய், "முட்டையை ஒவ்வொண்ணா விடுற மெஷின் செஞ்சு தர்றேன் மாமா" என்று வாயைக் கொடுத்தேன். அவர் கேட்கவே இல்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

முட்டை உருண்டு வரும் தகரச் சரிவின் முனையில் ஒரு சின்னக் கை. அதை ஒரு சர்வோ மோட்டார் தூக்கி இறக்கும். மெஷின் அவ்வளவுதான். 50 கிராம் முட்டையை மறிக்கக் குட்டி சர்வோ போதும். நான் வாங்கியது எம்ஜி 996ஆர். ஒரு சென்டிமீட்டர் கையில் 9 கிலோவைத் தாங்கும் முரடன். கடைக்காரர் "பெருசா?" என்றார், தலையாட்டினேன். என் டிசைன் கணக்கு முழுக்க அதுதான்.

ஸ்விட்சைப் போட்டதும் கை விர்ரென்று நடுவுக்குத் தாவி, முன்னால் நின்ற முட்டையை ஓங்கி அறைந்தது. அப்புறம் குளிர் ஜுரம் வந்த மாதிரி வெடவெடவென்று ஆடியது. மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு தடவைக்கு ஒண்ணுதானே மாப்ள?" என்றார்.

மோட்டார் மட்டம் என்று தீர்ப்பெழுதி இன்னொன்று வாங்கினேன். அதுவும் ஆடியது. மூன்றாவதும் ஆடியபோதுதான் சந்தேகம் லேசாக என் பக்கம் திரும்பியது.

மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கும் அர்டுயினோ போர்டில் L என்று எழுதிய குட்டி லைட் ஒன்று உண்டு. மோட்டார் துள்ளும்போதெல்லாம் அது சிமிட்டியது. அழகாக இருக்கிறதே என்று இரண்டு நாள் ரசித்தேன். போர்டு செத்துச் செத்துப் பிழைக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம்.

லேப்டாப் யுஎஸ்பி ஒன்றிலேயே போர்டையும் மோட்டாரையும் மாட்டியிருந்தேன். அதில் வருவது சுமார் 500 மில்லி ஆம்பியர். இந்த முரடன் கிளம்பும்போது 2 ஆம்பியருக்கு மேல் கேட்பான். வோல்டேஜ் விழும், போர்டு ரீசெட் ஆகும், எழுந்ததும் மோட்டாரை உசுப்பும், மறுபடி விழும். மல்டிமீட்டரோ 4.9 வோல்ட் என்று நிதானமாகச் சொன்னது. சில மில்லி செகண்டில் வந்து போகும் பள்ளம் அதன் கண்ணில் படாது. என் கண்ணில் மட்டும் பட்டுவிடுமா?

மோட்டாருக்குத் தனியாக 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வாங்கினேன். போர்டின் கிரவுண்டை அடாப்டர் கிரவுண்டோடு சேர்க்கவில்லை. தனி என்றால் தனிதானே என்று நினைத்தேன். ஆட்டம் கரகாட்டமானது.

சர்வோவுக்குச் செய்தி பல்ஸாகப் போகிறது. செகண்டுக்கு 50 முறை, ஒவ்வொன்றும் 1 முதல் 2 மில்லி செகண்ட். நீளத்தில் 10 மைக்ரோ செகண்ட் பிசகினால் கை ஒரு டிகிரி நகரும். அந்தப் பல்ஸை எதிலிருந்து அளப்பது? கிரவுண்டிலிருந்து. பொதுக் கிரவுண்டே இல்லாமல் நான் அனுப்பியது மொட்டைக் கடுதாசி.

சேர்த்தேன், அதுவும் பிரெட்போர்டின் மெல்லிய வயர் வழியாக. வயரும் ஓட்டைகளுமாக அரை ஓம் என்று வையுங்கள். அதில் 2 ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட் வழியிலேயே காலி. மோட்டாரின் கிரவுண்ட் அந்த அளவுக்கு ஏறி இறங்கும், பல்ஸின் கணக்கும் கூடவே ஆடும். கடைசியில் அடாப்டரிலிருந்து மோட்டாருக்கு நேராகத் தடி வயர் இழுத்து, போர்டின் கிரவுண்டை அடாப்டர் முனையிலேயே முடிந்தேன். மோட்டார் பக்கத்தில் 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். முதல் கெப்பாசிட்டரைப் பிளஸ் மைனஸ் மாற்றி வைத்ததில் பட்டாசு மாதிரி வெடித்து, பண்ணையே கொக்கரித்தது.

வெடவெடப்பு நின்றது. முதல் அறை மட்டும் நிற்கவில்லை. கரண்ட் வந்ததும் கொஞ்ச நேரத்துக்குப் போர்டின் பின் எதையும் பிடித்திருக்காது. சிக்னல் வயர் ஆன்டெனா போல அக்கம்பக்கத்துச் சத்தத்தைக் கேட்கும். சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு வாயை அடைத்தேன். அடுத்தது என் கோடு. சர்வோ லைப்ரரிக்கு இடம் சொல்லாமல் attach கொடுத்தால், அதுவே 90 டிகிரிக்குப் போ என்கிறது. வரிசையை மாற்றினேன்:

```
gate.write(20);
gate.attach(9);
```

மூன்று மோட்டார் காசு, இரண்டு வரி இடம் மாறியதில் முடிந்தது. முழுதாக முடியவும் இல்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் யாராவது கையைத் தள்ளிவிட்டால், அது எங்கே இருக்கிறது என்று போர்டுக்குத் தெரியாது. கரண்ட் வந்ததும் ஒரே தாவல்தான். சில சர்வோ சிக்னலே இல்லாமலும் ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும். அதற்கு ரிலே போட்டு, போர்டு எழுந்து 2 செகண்ட் கழித்து மோட்டாருக்குக் கரண்ட் விடுகிறேன். பல்ஸ் தயாராகக் காத்திருக்கும். தள்ளிவிட்ட கைக்கு மட்டும் இன்னும் மருந்தில்லை.

இப்போது பெரும்பாலும் உடைவதில்லை. ஆனால் கரண்ட் போனால் மாமா எழுந்து போய், முன்னால் நிற்கும் முட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்.