எங்கள் சமையலறையிலிருந்து ஒரு காட்சி

கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்கிற அவசரம் இன்று நேற்று வந்ததல்ல. எழுபதுகளின் கடைசியில், சென்னையில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசின் மொட்டை மாடி அறையில், அந்த அவசரத்துக்குத் தூரிகை பிடித்துச் சம்பளம் வாங்கியவர்களில் நானும் ஒருவன். ‘பெர்ஸ்பெக்டிவ்’ என்று அதற்குப் பெயர். அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கிற பிரிண்ட் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து, வரைபலகைக்கு இடமும் வலமும் சுவரில் பக்கத்துக்கொரு ஆணி அடித்து, ஆணியிலிருந்து நூலை இழுத்துப் பிடித்து, அந்த நூல் காட்டுகிற சாய்வில் சன்ஷேடையும் பால்கனியையும் கோடாக்கி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும், கழுத்து வலிக்கும், கீழேயிருந்து டீ வரும்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷுக்கு எத்தனை மறுபிறவி என்று. எங்கள் ஆபீசில் அது சுவர்ப்பூச்சாகப் பிறந்தது: போஸ்டர் கலரில் தோய்த்து, கட்டைவிரலால் நெருடி, பொடிப்பொடியாகத் தெறிக்க விட்டால் சொரசொரப்பான சிமென்ட் பூச்சு அப்படியே வந்துவிடும். பஞ்சை நனைத்து ஒற்றினால் மரம். வாடிக்கையாளர் டாக்டர் என்றால் வாசலில் அம்பாசடர், மற்றவர்களுக்கு ஃபியட். மனிதர்களும் உண்டு, ஆனால் எனக்கு முகம் வராது என்பதால் என் படங்களில் பெண்கள் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்க்கொண்டே இருப்பார்கள், ஆண்கள் எல்லோரும் முழங்கால்வரை செடிக்குப் பின்னால் நிற்பார்கள். பக்கத்துக் குடிசை, மின்கம்பம், குப்பைத்தொட்டி இவற்றை வரையச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நானாக வரைந்ததும் இல்லை. இருபத்திரண்டு வயதில் அதற்கு ‘கம்போசிஷன்’ என்று பெயர் வைத்து, கையெழுத்தை மட்டும் மூலையில் பெரிதாகப் போட்டுக்கொள்வேன்.

இப்போது எங்கள் தெருவில், எங்கள் வீட்டு வரிசைக்கு எதிரே, நேராக இல்லாமல் கொஞ்சம் கோணலாக, ஒரு ஸ்டில்ட் பிளஸ் ஃபைவ் எழும்பிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது மாடியோடு நின்று, கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அதற்கு இரவுக் காவல் இருப்பவர் செங்கம் பக்கத்துக்காரர், மணிலாக்கொட்டை போட்டுப் பார்த்துவிட்டுப் பட்டணம் வந்தவர். என் வயதுதான். எனக்குத் தூக்கம் வராது, அவருக்கு வரக்கூடாது, ஆகவே சிநேகிதம். அந்தக் காலத்துக் காவல்காரர்களுக்கு ஆற்றுமணல் குவியல் என்ற மெத்தை இருந்தது, பகலெல்லாம் தெருப் பிள்ளைகள் குடைந்து கோபுரம் கட்டிய குவியலில் இரவு அவர்கள் குழி பறித்துப் படுத்துக்கொள்வார்கள். இப்போது வருவது எம்-சாண்ட், கல்லை உடைத்துச் செய்தது, முனை மழுங்காமல் முதுகில் குத்துகிறது. முன்னேற்றம் காவல்காரரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்கிறது என்று முதலாளிமார் சந்தோஷப்படலாம்.

ஒரு ராத்திரி அவர் கேட்டுக்கு வெளியே வந்து கூப்பிட்டார். “சார், இது எந்த ஊர் வீடு, பாருங்க.” காலி சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே கிடந்ததாம்: லேமினேட் செய்த பெரிய தாள். டார்ச் வெளிச்சத்தில் பளபளத்தது. பொன்மஞ்சள் மாலை, ஐந்து மாடியிலும் விளக்கு, வாசலில் வெள்ளைக்கார முகச்சாயலில் ஒரு குடும்பம், பலூனோடு ஒரு குழந்தை. மூலையில் திட்டத்தின் பெயரும் ரெரா பதிவு எண்ணும் இருந்ததால்தான் அது எதிரே நிற்கிற அதே கட்டடம் என்று நம்ப முடிந்தது.

அவர் பலூனைப் பார்க்கவில்லை, நிழலைப் பார்த்தார். “வெயில் முன்பக்கத்துல நேரா அடிக்குதே. இது வடக்குப் பார்த்த பில்டிங். மத்த மூணு பக்கமும் தூணுல சுத்தின சாக்கு சீக்கிரமே காஞ்சிடும், மறுபடி தண்ணி காட்டணும். இந்தப் பக்கம் மட்டும் சாயங்காலம் வரைக்கும் ஈரம். வடக்கேருந்து எப்பிடி சார் சூரியன் வரும்?”

வருகிற காலம் ஒன்று உண்டு. சென்னையில் சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும் வரை நடுப்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே போகும்; ஆனால் அப்போது அது தலைக்கு மேல் இருக்கும், நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். படத்திலோ நிழல் தெற்கே நீளமாகப் படுத்திருக்கிறது. தாழ்ந்த சூரியன் நேர் வடக்கில் நிற்பது இந்த ஊரில் எந்த மாதத்திலும் நடக்காது. கம்ப்யூட்டருக்கு ஊரும் தேதியும் திசையும் கொடுத்தால் வெயிலைச் சரியாகப் போட்டுத் தரும்; கொடுக்காமல், எந்தப் பக்கம் அழகோ அந்தப் பக்கம் இழுத்து வைத்தாலும் முகம் சுளிக்காமல் போட்டுத் தரும். இரண்டாவதுதான் நடந்திருக்கிறது.

எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பெர்ஸ்பெக்டிவ்காரன் எழுந்து உட்கார்ந்தான். சிமென்ட் மூட்டை வாயிலிருந்து தையல் நூலை உருவித் தரச் சொன்னேன். தாளைத் தரையில் விரித்து, ஐந்து தளங்களின் கோடுகள் மேல் நூலை வைத்து இழுத்தோம்: முன்பக்கத்துக் கோடுகள் எல்லாம் தாளுக்கு வெளியே இடப்புறம் ஒரு புள்ளியில் கூடின, பக்கவாட்டுக் கோடுகள் வலப்புறம் ஒரு புள்ளியில். எங்கள் பழைய இரண்டு ஆணிகள்! அந்தப் புள்ளிகள் இரண்டையும் முனைகளாக வைத்து ஓர் அரைவட்டம் போட்டு, படத்தின் நடுவிலிருந்து நேர் கீழே கோடு இறக்கினால், அது வட்டத்தைத் தொடுகிற இடந்தான் பார்க்கிறவனின் கண். அந்தக் கோடு 15 அங்குலம் வந்தது. கட்டடத்தின் 60 அடி மூலை, படத்தில் 9 அங்குலம். ஆக, படம் பிடித்தவர் அந்த மூலையிலிருந்து 100 அடி தள்ளி நின்றிருக்கிறார், அதுவும் கோணலாக. முன்சுவரிலிருந்து நேராக அளந்தால் 78 அடி.

காவல்காரர் விரல் விட்டு எண்ணினார். “முன்னால விட்டது பத்து அடி. ரோடு முப்பது. மிச்சம் முப்பத்தெட்டு...” என்று சொல்லிக்கொண்டே திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “சார், அது உங்க வீட்டு அடுப்பங்கரை.”

ஆமாம். அறுபதடி ஆழமுள்ள எங்கள் மனையில், சுவரிலிருந்து முப்பத்தெட்டாவது அடி. அங்கே நின்று பார்த்தால் தெரிய வேண்டியது எங்கள் ஹால் சுவர். ஆகையால் எங்கள் வீட்டையே எடுத்துவிட்டுப் புல் போட்டிருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரையும் காணோம். முப்பதடித் தெருவில் ஐந்து மாடியை முழுசாகப் பார்க்க யாருக்கும் வழியில்லை, எதிர்வீடு போனால்தான் காட்சி. எத்தனையோ வீடுகளைப் பஞ்சால் ஒற்றி மரமாக்கியவன் நான்; புல்லாவதற்கு என் முறை வர இத்தனை வருஷம் ஆனதே அதிகம்.

தாளின் அடியில் கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் ‘ஓவியரின் கற்பனை’ என்று அச்சிட்டிருந்தது. நாங்கள் வரைந்த காலத்தில் ஓவியர் இருந்தார், அந்த வரி இல்லை; இப்போது வரி இருக்கிறது. விளம்பரத்தில் உள்ள பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்குக் கட்டுகிறவர் ஈடு தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது என்றேன். “உங்க வீட்டைக் காணாமப் போக்கினதுக்கு?” என்று கேட்டார். சட்டம் வாங்குகிறவருக்குத்தான், எதிர்வீட்டுக்காரருக்கு அதில் இடமில்லை.

அவர் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை ஃபிளாட் பாக்க வர்றவங்க, படத்துல இருக்கிற மாதிரி எங்கேருந்து தெரியும்னு என்னைத்தான் கேக்கறாங்க. இனிமே நேரா உங்க அடுப்பங்கரைக்கு அனுப்பிடறேன் சார்.”

“அனுப்புங்க,” என்றேன், “காபிப் பொடியை பில்டரிடம் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.”