வரைபடத்தில் மட்டும் பெய்யும் மழை

2019 ஜூலையில் சென்னையின் தாகம் தீர்க்க ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் விட்டார்கள். அது வேப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டித்தான் போனது. தமிழகத்துக் கட்டடங்களுக்கெல்லாம் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய சட்டத்துக்கு அப்போது வயது 16.

சட்டத்தை யாரும் மீறவில்லை, பாவம். வேப்பம்பட்டு மாதிரி இடங்களில் 'ஏதோ ஒரு நகர்' என்று பெயர் சூட்டிய மனைகளில், அனுமதிக்குப் போகும் ஒவ்வொரு வரைபடத்திலும் மூலையில் ஒரு வட்டம் இருக்கும். அதுதான் உறைகுழி. வீடு எழுந்ததும் அந்த வட்டம் ஓரடிக் குழாயாக இளைத்துவிடும். மாடியிலிருந்து வரும் பிவிசி குழாயை மண்ணில் செருகி, மேலே நாலு சட்டி ஜல்லி கொட்டி, போட்டோ எடுத்தால் சேகரிப்பு முடிந்தது!

கேட்டால், "20க்கு 40 மனை, இடம் எங்கே சார்?" காருக்கு இடமுண்டு. வாஸ்துவுக்கும் உண்டு: தெற்குப் பார்த்த வீட்டில் சம்ப் ஈசானியத்துக்கும் செப்டிக் டேங்க் வாயு மூலைக்கும் போய், இரண்டும் பின்பக்கம் இருபதடி அகலத்தில் தோளுரசிக்கொள்ளும். குடிக்கிற நீருக்கு எப்பேர்ப்பட்ட அண்டை வீடு!

செப்டிக் டேங்க் பின்மூலையில் இருக்கட்டும். முன்னால் கார் நிற்கும் தரைக்கடியில் ஆறடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி ஆழத்தில் சம்ப் கட்டினால் 4,000 லிட்டருக்கு மேல் பிடிக்கும். 550 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சேதாரம் போகக் கிடைப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. அது நிரம்பி வழிவது, முன்பக்கத்தின் மறுமூலையில் மூன்றடி விட்ட உறைகுழிக்குப் போகவேண்டும். காரும் நிற்கும், தண்ணீரும் நிற்கும்.

ஆனால் இதையெல்லாம் தீர்மானிப்பது மாடித் தளத்தின் வாட்டம். மேஸ்திரி அதைப் பின்பக்கம் கொடுத்துவிட்டால், மழை முழுக்க செப்டிக் டேங்க் பக்கமே இறங்கும். பிறகு தரையை உடைத்துக் குழாய் போட எவனும் முன்வரமாட்டான். ஆகவே தளம் போடும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். இறங்கும் குழாயின் அடியில் மூடி ஒன்று இருக்கட்டும். முதல் மழையின் தூசியும் காக்கை எச்சமும் அதன் வழியே வெளியே போகட்டும்.

குழி தோண்டியதும் ஜல்லி போடும் முன் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் அப்படியே நின்றால் அடியில் களிமண். அதன் மேல் எத்தனை லோடு ஜல்லி கொட்டினாலும் கொசுத் தொட்டிதான். குழிக்குள்ளிருந்தே மணல் தட்டும்வரை துளை போட்டு, துளையிட்ட குழாய் இறக்கவேண்டும். மேலே பரப்பும் மணலில் வண்டல் அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு முன் ஆண்டுதோறும் அதை வழித்தெடுக்கவேண்டும்.

சாவி வாங்கும் முன் மாடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அது தெருவுக்கு ஓடினால் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.