ரெண்டே நிமிஷம்

ரெட்டிபாளையத்தைச் சுற்றி சிமென்ட் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை; ஆகவே பிளான்ட் ஹெட்டுகளுக்கும் பஞ்சமில்லை. ஆலைக்கு ஆலை முகம் மாறும், பேச்சு மாறாது. காலைக் கூட்டத்தில் பாதுகாப்பு உறுதிமொழி முடிந்ததும் மைக்கை இரண்டு தட்டு தட்டி, "ரெண்டே நிமிஷம்" என்பார். எதிலோ கைவைக்கப் போகிறார் என்பது அப்போதே பின்வரிசைக்குத் தெரிந்துவிடும்.

"நண்பர்களே, நாமெல்லாம் ஒரே குடும்பம்," என்று இவர் தொடங்குகிறார். குடும்பம் என்றாலே கூட்டம் உஷாராகிறது. அவசரத் தேவையில்லாதபோது அவர் யாரையும் உறவு சொல்லி அழைத்ததில்லை.

"இப்ப நாம நிக்கிற இடம் பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால கடல். சிப்பியும் நத்தையும் மண்டிக் கிடந்ததால்தான் இன்னிக்கு நமக்குச் சுண்ணாம்புக்கல். கடலே மாறியிருக்கு, ஷிப்ட் மாறக் கூடாதா?"

கடல் தானாக வற்றியது, சர்க்குலர் போட்டு வற்றவில்லை என்று யாரோ முணுமுணுக்கிறார்கள்.

"பன்னிரண்டு மணி நேரமா சார்?" என்று ஒரு குரல். சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்புக் கிளம்பி, மே தினத்தன்று வாபஸானது. அதற்குப் பிறகு 'புது ஷிப்ட்' என்றாலே ஆட்களுக்கு அந்த ஞாபகம்தான்.

"அய்யய்யோ, எட்டு மணி நேரம்தான்! ரெண்டு நாள் காலை, ரெண்டு நாள் மதியம், ரெண்டு நாள் நைட், ரெண்டு நாள் ஆஃப். எட்டு நாள்ல ஒரு சுத்து. கில்ன் 1,450 டிகிரியில ஓடிக்கிட்டே இருக்கணும், அதுக்கு ஞாயிறு தெரியாது. ஆனா உங்க உடம்புக்குத் தெரியும்னு யோசிச்சுதான் இதைப் போட்டிருக்கோம்."

நியாயமாகச் சொன்னால், இதில் சரக்கு இருக்கிறது. பழைய முறையில் மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் முழுக்க நைட். பகலில் ஓட்டு வீட்டு வெக்கையில் புரண்டுவிட்டு வருகிற ஆளுக்கு நாலாவது நைட்டில் விடியற்காலை மூன்று மணிக்குக் கண்ணாடித் திரையில் எண்கள் நீந்தும். இரண்டு நைட்டோடு நிறுத்தினால் அந்தத் தூக்கக் கடன் ஏறாது. காலை, மதியம், நைட் என்ற வரிசையும் சரிதான். இரண்டாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு வெளியே போனவர் மறுநாள் மதியம் இரண்டுக்கு வந்தால் போதும், நடுவே முழுசாக 24 மணி நேரம். இதையே தலைகீழாகச் சுற்றினால் எட்டு மணி நேரம்தான் மிஞ்சும். அதில் பஸ்ஸும் சாப்பாடும் போக என்ன தூங்குவது?

ஆனால் பிளான்ட் ஹெட் இதையெல்லாம் விளக்குவதில்லை. "ஒர்க் லைஃப் பேலன்ஸ்" என்று சொல்லிவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருக்கிறார். ஹெச்.ஆர். பையன் மஞ்சள், பச்சை, நீலம் அடித்த அட்டவணையைத் தூக்கிப் பிடிக்கிறான், தலைகீழாக.

"ஞாயிறு ஆஃப் எப்ப வரும் சார்?" சீனியர் ஃபிட்டர் கேட்கிறார். பழைய முறையில் ஞாயிறு ஆஃப் சீனியர்களின் பட்டா நிலம். செவ்வாயும் புதனும்தான் இளவட்டத்துக்கு.

"எல்லாருக்கும் வரும்!"

வரும்தான். எட்டு நாள் சுற்றும் ஏழு நாள் வாரமும் 56 நாளுக்கு ஒருமுறைதான் சேரும். அதற்குள் ஒருவருக்கு இரண்டு ஞாயிறு ஆஃப் கிடைக்கும், அதுவும் அடுத்தடுத்த வாரங்களில். பிறகு ஆறு ஞாயிறு கிடையாது. கல்யாண வீட்டுக்காரர்கள் அட்டவணையைப் பார்த்து முகூர்த்தம் குறிப்பது நல்லது. இரண்டு நாள் ஆஃப் என்பதும் காலை ஆறு மணிக்கு நைட் முடித்த நிமிடத்திலிருந்து எண்ணப்படுவது. முதல் பகல் தூக்கத்தோடு சரி.

யூனியன்காரர் எழுந்து, "21 நாள் நோட்டீஸ் கொடுத்தீங்களா?" என்கிறார். இதற்கு எந்த பிளான்ட் ஹெட்டும் ஒரே பதில்தான் வைத்திருப்பார்: "இது டிஸ்கஷன் ஸ்டேஜ்தான்." சர்க்குலரோ நேற்றே கையெழுத்தாகிவிட்டது.

கடைசியில் ஒரு காண்டிராக்ட் தொழிலாளி கையை அரைகுறையாகத் தூக்குகிறார். "எங்களுக்கு நாள் கூலிங்க சார்..."

"அதை காண்டிராக்டர்கிட்ட பேசிக்குங்க. ஓகே, சேஃப்டி ஃபர்ஸ்ட்!" மைக் அணைகிறது. ரெண்டு நிமிஷம் நாற்பது நிமிஷமாகியிருந்தது.

மாதச் சம்பளக்காரருக்கு நைட் அலவன்ஸில் கொஞ்சம் குறையும்: எட்டு வாரத்தில் 16 நைட் இருந்தது 14 ஆகும், அவ்வளவுதான். நாள் கூலிக்காரருக்கு அதே எட்டு வாரத்தில் 48 நாள் வேலை 42 ஆகிறது. பிளான்ட் ஹெட் அவர்களே, அந்த ஆறு நாள் கூலிக்கு வழி என்ன என்பதை அடுத்த கூட்டத்தில் முதலில் சொல்லிவிடுங்கள். கடலைப் பற்றிப் பிறகு பேசலாம்.