மாப்பிள்ளையைக் கடித்தது யார்?

எங்கள் பக்கம் உடம்பில் எங்கே தடித்தாலும் காரணம் கொசுதான். மேற்கொண்டு விசாரணை கிடையாது. காலில் தடித்தால் கொசு, கழுத்தில் தடித்தால் கொசு, சட்டைக்கும் பனியனுக்கும் உள்ளே தொப்புளை ஒட்டித் தடித்தாலும் கொசுதான். பட்டனைக் கழற்றி உள்ளே போய்க் கடித்துவிட்டு, மறுபடி பட்டனைப் போட்டுவிட்டு வெளியே வருகிற கொசுவை நான் இதுவரை பார்த்ததில்லை. வேளாண் துறையில் தானியக் கிடங்குப் பூச்சிகளைப் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். ஆனால் எங்கள் குடும்பத்தில் என் படிப்புக்கு உள்ள மரியாதை, அரிசியில் வண்டு விழுந்தால் முறத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பதோடு முடிந்துவிடும்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணமான பிறகு வந்த முதல் ஆடி. ஆடி பிறந்ததுமே பெண்ணை அழைத்துவந்துவிட்டார்கள். பதினெட்டாம் பெருக்கு விருந்துக்கு மாப்பிள்ளை சென்னையிலிருந்து முதல் நாள் இரவே வந்து இறங்கினார். ஆடியில் புதுத் தம்பதியைப் பிரித்துவைக்கும் வழக்கத்தை அண்ணி ஒரு சட்டமாகவே அமல்படுத்துகிறவர். பெண் அண்ணியோடு கூடத்தில். மாப்பிள்ளைக்கு முன்கட்டு அறை, தனியாக. கட்டில் கிரீச்சிடுகிறது என்று அவர் தரையில் படுத்துக்கொள்வதாகச் சொல்ல, பரணிலிருந்து கோரைப்பாயை இறக்கி விரித்தார்கள். அதே அறையில்தான் பங்குனியில் அறுத்த உளுந்து, அடுத்த தை விதைப்புக்காக இரண்டு சாக்கில் நின்றது. மூட்டையை நகர்த்த ஆளில்லாததால் பாயை அதன் பக்கத்திலேயே போட்டார்கள்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை நன்றாகத் தூங்கினேன் என்றார். உண்மையைத்தான் சொன்னார். இந்தக் கதையின் சூழ்ச்சியே அங்கேதான் இருக்கிறது. பகலெல்லாம் ஒன்றுமில்லை. சாயங்காலம் படித்துறையில் பெண்கள் காவேரிக்குப் படையல் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. முதுகு, இடுப்பு, வயிறு எல்லாம் ஒரே நேரத்தில் அரிக்கத் தொடங்கிவிட்டன. மாமனாருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் நடுவில் நிற்கிற புது மாப்பிள்ளை எங்கே கையை விடுவார்? படித்துறைத் தூணில் சாய்ந்து, காவேரியை ரசிப்பதுபோல மெல்ல மெல்ல மேலும் கீழும் அசைந்தார். "மாப்பிள்ளைக்கு ஆத்துமேல எவ்வளவு பிரியம் பாரேன்" என்றார் அண்ணன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. "ஆத்தங்கரைக் கொசு! பட்டணத்து ரத்தம்னா அதுக்குத் தெரிஞ்சிடும்" என்று அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிரவு போர் ஏற்பாடு நடந்தது. இரண்டு சுருள், சுவரில் மாட்டும் மருந்து, கையில் மட்டை, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கொசுவலை. அறை குறுகல் என்பதால் வலையை இழுத்துக் கட்டியபோது ஒரு மூட்டையும் வலைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அதாவது, கடித்ததையும் கடிபட்டவரையும் ஒரே வலைக்குள் வைத்து, சம்பந்தமே இல்லாத கொசுவை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார்கள். அடுத்த சாயங்காலம் தடிப்பு இரட்டிப்பாகியிருந்தது.

கடித்தது கொசு இல்லை என்பதை மாப்பிள்ளையின் முதுகே சொன்னது. கொசு திறந்திருக்கிற இடத்தைத் தேடும்: கை, பாதம், காது. அது கடித்த சில நிமிடங்களில் தடித்து, பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். இவருக்கோ கையும் முகமும் சுத்தம், துணி மூடியிருந்த இடமெல்லாம் சிவப்பு. ஒவ்வொரு தடிப்பின் நடுவிலும் குண்டூசி முனையளவுக்கு ஒரு நீர்க்கொப்புளம். சில தடிப்புகளிலிருந்து சிவப்பாக ஒரு கோடு நீண்டிருந்தது. பிரான்ஸில் தோல் மருத்துவர்கள் இதற்கு வால்நட்சத்திர அடையாளம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மூட்டைப்பூச்சியாக இருந்தால் விரிப்பில் ரத்தக்கறை இருந்திருக்கும். சிரங்காக இருந்தால் விரலிடுக்கில் தொடங்கி, நாளாக ஆக வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றியிருக்கும். இரண்டுமில்லை.

நான் மூட்டையின் அடியில் கிடந்த தூளைச் சலித்து, கறுப்புக் குடையை விரித்து அதன்மேல் கொட்டி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வீட்டுக்குள் குடை விரிக்கக் கூடாது என்று அண்ணி ஒரு பக்கம் புலம்பிக்கொண்டிருந்தார். உளுந்தில் பாதிக்கு வட்ட வட்டமாக ஓட்டை, மீதியில் வெள்ளைப் புள்ளிகள். ஓட்டை, பயறு வண்டு வெளியேறிய வாசல். புள்ளி, அது ஒட்டிவைத்த முட்டை. வயலில் காயாக இருக்கும்போதே ஏறிக்கொள்கிற வண்டு இது. ஏறக்குறைய மாதம் ஒரு தலைமுறை என்று கணக்குப் போட்டால், பங்குனியிலிருந்து ஆடிக்குள் கொள்ளுப்பேரன் எடுத்திருக்கும். ஆனால் வண்டு மனிதரைக் கடிக்காது. ஓட்டைப் பயறு ஒன்றைப் பிளந்தேன். உள்ளே செத்த புழு, அதன்மேல் கசகசா அளவில் மஞ்சளாகப் பளபளக்கிற சில உருண்டைகள். ஆள் அகப்பட்டுவிட்டது: வைக்கோல் சிற்றுண்ணி. பைமோட்டிஸ் என்பது அதன் அறிவியல் பேரினப்பெயர்.

அந்த உருண்டை, கர்ப்பிணி. சாதாரணமாக இந்தப் பெண் சிற்றுண்ணி கால் மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்கே தெரியாது. புழுவை நஞ்சால் முடக்கி, அதன் சாற்றை உறிஞ்சியபடியே வயிறு ஊதி, ஒரு மில்லிமீட்டருக்கும் மேலான பந்தாகிவிடும். அதற்குள்ளேயே இருநூறு, முந்நூறு குஞ்சுகள் முழு வளர்ச்சி அடைகின்றன. முதலில் சில ஆண்கள் வெளியே வந்து தாயின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். பின்னால் பிறக்கிற பெண்களோடு அங்கேயே கூடிவிடும். பிறப்பு, வளர்ப்பு, கல்யாணம் எல்லாம் தாயின் உடம்பிலேயே முடிந்துவிடுகிறது. சீர், ஆடி அழைப்பு, மாப்பிள்ளை விருந்து எதுவும் கிடையாது.

புழு கிடைக்கிறவரை இதற்கு மனிதர்மேல் நாட்டமே இல்லை. தலைமுறைகள் பெருகிப் புழு தீர்ந்ததும்தான், இரை தேடிச் சாக்கை விட்டு இறங்கிப் பாயில் பரவுகிறது. அங்கே ஒரு மாப்பிள்ளை படுத்திருக்கிறார். துணிக்குள் புகுந்து, புழு என்று நினைத்துக் குத்திப் பார்க்கிறது. நம் உடம்பில் அதனால் வாழவும் முடியாது, குட்டி போடவும் முடியாது. யோசித்துப் பார்த்தால் இந்தச் சிற்றுண்ணிக்கு நாம் ஒரு சிற்றுண்டிகூட இல்லை. குத்தும்போது வலியும் தெரியாது. ஏறத்தாழ பத்து மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள்தான் அரிப்பு கிளம்பும். அதற்குள் குத்தியது உதிர்ந்து போயிருக்கும். அரிப்பு வருகிற நேரத்தில் பக்கத்தில் எது பறக்கிறதோ அதன்மேல் பழி விழும்.

இந்த இடைவெளியைக் கண்டுபிடித்தவர் தம் கையையே கொடுத்துக் கண்டுபிடித்தார். 1909-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், புது வைக்கோல் மெத்தையில் படுத்த மாலுமிகளுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனது. விசாரிக்கப் போன அரசு மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், இரண்டு மெத்தைகளுக்கு நடுவே தம் வெறும் கையை நுழைத்து ஒரு மணி நேரம் வைத்திருந்தார். ஏறக்குறைய பதினாறு மணி நேரம் கழித்துக் கை தடித்தது. பிறகு வைக்கோல் தூளைச் சலித்து, அதிலிருந்து ஐந்தே ஐந்து சிற்றுண்ணிகளைப் பொறுக்கி, ஒரு தொண்டரின் அக்குளில் வைத்துக் கட்டினார். பதினாறு மணி நேரத்தில் சரியாக ஐந்து தடிப்பு. தோல் மருத்துவர் ஷாம்பெர்க்கும் அவரும் சேர்ந்து அதை உலகத்துக்குச் சொன்னார்கள். அந்தத் தொண்டர் யாருடைய மாப்பிள்ளையோ.

எல்லாச் சாக்கு அரிப்பும் இதுவல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொழும்பில் கொப்பரை மூட்டைகளோடு புழங்கிய தொழிலாளர்களின் அரிப்பை, அங்கே பணிபுரிந்த கஸ்டெல்லானி 1912 வாக்கில் விவரித்தார். அது வேறு வகைச் சிற்றுண்ணி. கொப்பரையைத் தின்கிறது, ஆளைக் குத்துவதில்லை. அதைத் தொட்டுப் புழங்குகிறவர்களின் தோல்தான் ஒவ்வாமல் தடிக்கும். வைக்கோலின் சுணையும் அரிக்கும், ஆனால் உடனே அரிக்கும், குளித்தால் போய்விடும். கோரைப்பாய் பாவம், ஒன்றும் அறியாதது. பூச்சி விழுந்த தானியமோ வைக்கோலோ உளுத்த மரமோ பக்கத்தில் இருந்தால்தான் வைக்கோல் சிற்றுண்ணிக்கு வாழ்வு.

அதனால் வைத்தியம் பாதி உடம்புக்கு, பாதி மூட்டைக்கு. மாப்பிள்ளையைச் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லி, துணியையும் விரிப்பையும் வெந்நீரில் ஊறவைத்தோம். தடிப்புக்குக் கலமைன், ராத்திரி அரிப்புக்கு டாக்டர் ஒரு ஒவ்வாமை மாத்திரை கொடுத்தார். சிரங்கு மருந்து தேவையில்லை, தோலுக்குள் யாரும் குடியிருக்கவில்லையே. மேற்கொண்டு கடிபடாவிட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே மறையும். நூற்றுக்கணக்கில் கடிபட்டுக் காய்ச்சல், வாந்தி வந்தாலோ, சொறிந்து சீழ் வைத்தாலோ மறுபடி டாக்டரிடம் போக வேண்டும்.

மூட்டைக்கு அண்ணன் ஒரு யோசனை வைத்திருந்தார்: கிடங்கில் போடுகிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை உள்ளே போட்டுவிடலாம் என்று. ஆள் படுக்கிற அறையில் அதைப் போட்டால் அதிலிருந்து வரும் வாயு வண்டோடு வீட்டாரையும் சேர்த்து முடித்துவிடும் என்று சொல்லித் தடுத்தேன். அதற்குப் பதில் மொட்டைமாடியில் கறுப்புத் தார்ப்பாயை விரித்து, உளுந்தை மெல்லிசாகப் பரப்பி, மேலே ஒளி ஊடுருவும் பாலித்தீனை மூடி, ஓரங்களில் கல் வைத்தோம். வெயில் சுள்ளென்று அடிக்கிற நாளில் உள்ளே 57 டிகிரி செல்சியஸ் சூடேறி ஒரு மணி நேரம் நின்றால், பயறுக்குள் இருக்கிற முட்டையும் புழுவும்கூடச் செத்துவிடும். புழு போனால் சிற்றுண்ணிக்கு அடுத்த வேளைச் சோறு இல்லை. சாக்கை எரித்தோம். பாயை உதறி இருபுறமும் வெயில் காட்டினோம். அறையைப் பெருக்கி ஈரத்துணியால் துடைத்தோம். வண்டை மட்டும் மருந்தடித்துக் கொன்றுவிட்டு மூட்டையை அங்கேயே வைத்திருந்தால், பட்டினி கிடக்கிற சிற்றுண்ணி எல்லாம் பாயைத் தேடித்தான் வந்திருக்கும்.

வீட்டில் முதல்முறையாக எனக்கு மதிப்புக் கூடியது. "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும். அந்த அறையில படுத்தவங்களைத்தான் கடிக்கும், ஒருத்தர்கிட்டேயிருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது, கடிச்சு அரைநாள் கழிச்சுத்தான் தெரியும்" என்று அண்ணி, வருகிற போகிற எல்லாரிடமும் ஒப்பித்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அவர் பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது திடீரென்று சீப்பு நின்றது. "ஏண்டி, முதுகுல என்னது இது?" ரவிக்கைக்குக் கீழே நாலைந்து தடிப்பு, நடுவில் குண்டூசி முனையளவு கொப்புளம். பெண் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். அண்ணி பூதக்கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

நான் கண்ணாடியை நன்றாகத் துடைத்தேன். கிட்டே வைத்துப் பார்த்தேன், தள்ளி வைத்துப் பார்த்தேன். இத்தனை வருட அனுபவத்தையும் திரட்டிக்கொண்டு சொன்னேன்:

"கொசுதான் அண்ணி. சந்தேகமே இல்லை."