என் வீட்டு இலையான் பண்ணை

உப்புவெளியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடும் பத்துக் கோழியும் நிற்கின்றன. பால், முட்டை, எரு என்று மூன்று வரும்படி என்று பெருமையடிப்பேன். நாலாவதாக இலையானும் வளர்க்கிறேன் என்பதைப் பக்கத்து வீட்டு அக்காதான் மதிலுக்கு மேலால் அறிவித்தார். அவர் கருவாடு காயவைக்கிற நாளில் அந்த அறிவிப்புக்குச் சத்தம் கூடும்.

ஒட்டும் தாள் தொங்கவிட்டேன். முதலில் ஒட்டியது என் தலைமயிர். போத்தலை வெட்டி, மீன்தலை போட்டு, குசினி வாசலில் கட்டினேன். அரைப் போத்தல் இலையான் விழுந்தது உண்மை. மணத்துக்கு வந்த ஊர் இலையான்களில் மிச்சம் குசினிக்குள் குடியேறியதும் உண்மை.

கடைசியில் பீ.எச்.ஐ. ஐயா வந்தார். மருந்து எழுதித் தருவார் என்று பார்த்தால், ஒரு தடியை எடுத்து எருக்குவியலைக் கிளறினார். நடுவில் கை வைக்க முடியாத சூடு. அங்கே ஒரு புழுவும் இல்லை. மேலோரத்தில் இரண்டு மூன்று அங்குலத்துக்குள் கொஞ்சம். பிறகு தண்ணீர்த் தொட்டியடிக்குப் போனார். பைப்பின் வாசர் தேய்ந்து மாதக்கணக்காகச் சொட்டுகிறது. சாணகமும் வைக்கோலும் ஊறிக் கிடந்தன. ஒரு பிடி அள்ளித் திருப்பினார். சோறு கொதிப்பதுபோலப் புழு நெளிந்தது. பக்கத்துக் காய்ந்த மண்ணைச் சுரண்டினால், சிவப்பரிசி சிந்தியதுபோலக் கூட்டுப்புழு.

"எத்தனை நாளைக்கு ஒருக்கா அள்ளுறீங்கள்?"

"பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா, ஐயா."

இலையான் ஒரு தரத்துக்கு நூறு முட்டை அளவில் இடும். அது ஒரு நாளில் பொரித்துவிடும். நம்முடைய வெக்கையில் முட்டை பறக்க 7 முதல் 10 நாள் போதும். நான் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, கலியாணமும் முடித்து வைத்துவிட்டுத்தான் தொட்டிலைத் துப்புரவாக்கியிருக்கிறேன்!

வாசரை மாற்றினேன். புதனும் ஞாயிறும் கொட்டிலைச் சுரண்டி அள்ளினேன். குவியலைக் கறுப்புப் பொலித்தீனால் மூடி, ஓரம் முழுக்கக் கல் வைத்தேன். வாரம் ஒருமுறை வெளிப்புறத்து எருவை உள்ளே தள்ளிப் புரட்டினேன், அந்தச் சூட்டில் புழு வேகட்டும் என்று. வெயில் காலத்தில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்தாலே போதும். ஐப்பசி மழையில் அந்தக் கதை நடக்காது. கோழிக்கூட்டு உமியைக் கையில் பிடித்துப் பார்க்கிற வித்தையும் படித்தேன். பிடித்தால் கட்டியாக நின்றால் ஈரம், மாற்ற வேண்டும், உதிர்ந்தால் சரி. தண்ணீர்க் கிண்ணத்தடியில் அது எப்போதும் கட்டிதான்.

நாலாம் நாளும் இலையான் குறையவில்லை. மண்ணுக்குள் இருந்த சிவப்பரிசி எல்லாம் வரிசையாகப் பறந்துகொண்டிருந்தது. மனைவி, "உங்கட பொலித்தீன் வைத்தியம்" என்று தொடங்கினாள். அவிழ்த்துவிட்ட கோழிகள் அந்த மண்ணைக் கிளறிப் பொறுக்கித் தின்றதால்தான் என் மானம் பாதி மிஞ்சியது.

இரண்டு கிழமை கழித்து என் பிளேன்ரீயில் ஒரு இலையான் வந்து குந்தியது. ஒன்றே ஒன்று. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அக்கா கருவாடு விரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது எங்கட வீட்டுப் பிள்ளை இல்ல."