அப்பாவின் அட்டென்ஷன்

எங்கள் அப்பாவை இயல்பாகப் பார்த்தவர்கள் ஊரில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். கேமரா ஒன்றுதான் பார்த்ததில்லை. திண்ணையில் சாய்ந்துகொண்டு ஊர்வம்பு பேசுகிறவர், சாம்பாரில் உப்பு குறைந்தால் ஒற்றைப் புருவத்தை மட்டும் ஏற்றிக் காட்டுகிறவர், நான் போனைத் தூக்கியதும் காணாமல் போய்விடுவார். அவர் இடத்தில் தாலுகா ஆபீஸ் அடையாள அட்டை ஒன்று வந்து உட்காரும். முதுகு நிமிரும், உதடு ஒட்டிக்கொள்ளும், இரண்டு உள்ளங்கைகளும் இரண்டு முழங்கால்களில் போய்ப் பொருந்தும். மூச்சு விடுகிறாரா என்று சந்தேகமாக இருக்கும்.

அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் இளைஞராக இருந்தபோது ஸ்டூடியோக்களில் ஓடிய 120 சுருளில், சதுரப் படமாக எடுத்தால் 12 படம்தான் தேறும். ஒன்று வீணானால் ஸ்டூடியோக்காரருக்குக் கைக்காசு போகும். அதனால் அவர் கறுப்புத் துணிக்குள்ளிருந்தோ கேமராவுக்குப் பின்னாலிருந்தோ எழுந்து வந்து, தாடையைப் பிடித்துத் திருப்பி, “ஆடாதீங்க, சிமிட்டாதீங்க” என்று மிரட்டிவிட்டுப் போவார். அந்த மிரட்டலுக்குப் பழகிய உடம்பிடம் இப்போது போய், “சும்மா இயல்பா இருங்கப்பா” என்கிறோம். இயல்பாக இரு என்று உத்தரவு போட்டு யாராவது இயல்பாக இருந்திருக்கிறார்களா?

இன்னொரு சங்கடமும் உண்டு. நம் வீடுகளில் வயதானவரைத் தனியாக உட்காரவைத்து நெஞ்சு வரைக்கும் படம் எடுத்தால், அது எந்தச் சுவரில் எப்போது மாட்டுவதற்கு என்பது எல்லோருக்கும் தெரியும்.

“என்னடா, மாலைக்கு அளவு எடுக்கறியா?” என்றார் அப்பா.

“வாயைக் கழுவுங்க” என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

“இல்லப்பா, அமெரிக்காவுல இருக்கற உங்க பேரன் கேட்டான்.”

“அப்போ அவன் நேர்ல வர்றதா இல்லை?”

இதற்கு எந்த லென்ஸிலும் பதில் கிடையாது. நாற்காலியைத் தூக்கிப் போய் ஜன்னலோரம் போட்டேன்.

எங்கள் கூடத்து ஜன்னல் வடக்குப் பார்த்தது. பெரும்பாலும் நேர்வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் தாராளமாக வரும். கைவைத்த பிரம்பு நாற்காலியை ஜன்னலிலிருந்து ஒரு மூன்றடி தள்ளி, பாதி ஜன்னலையும் பாதி என்னையும் பார்க்கிற மாதிரித் திருப்பிப் போட்டேன். இப்படி உட்கார்ந்தால் ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் மெல்லிய நிழல். எழுபது எண்பது வருஷம் பாடுபட்டுச் சேர்த்த சுருக்கங்கள் ஒவ்வொன்றும் அப்போதுதான் எழுந்து நிற்கும். பிளாஷ் போட்டால் முகம் உருட்டிய அப்பளமாகிவிடும். டியூப் லைட்டையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முகத்தின் ஒரு பாதி ஒரு நிறம், மறுபாதி வேறு நிறம். “இருட்டுல என்னடா படம்?” என்று அம்மா வந்து ஸ்விட்சைப் போட்டாள். நான் அணைத்தேன். அவள் போட்டாள். மின்வாரியம் என் பக்கம் வந்து கரண்டை நிறுத்தியது.

அடுத்தது மூக்கு. எங்கள் வம்சத்து மூக்குக்கு யாரும் உதவி செய்யத் தேவையில்லை. ஆனால் போனை அரை மீட்டருக்குள் நீட்டினால் அது தானாகவே உதவி செய்யும். மூக்கு முன்னால் வரும், காதுகள் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். பழி லென்ஸ்மீது விழுகிறது. உண்மையில் நாம் நிற்கிற தூரம்தான் காரணம். ஐந்தாறு அடி பின்னால் போய், திரையில் 2x என்பதைத் தொட்டு எடுத்தால் மூக்கு மூக்காகவே இருக்கும். பின்னால் போவதில் வேறொரு லாபமும் உண்டு: முகத்துக்கு நேரே யாரும் எதையும் நீட்டவில்லை என்றதும் அப்பாவின் தோள் ஓர் அங்குலம் இறங்கியது. அவர் கண் உயரத்துக்கு நானும் முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் முழுசாகத் தெரிந்தது, கம்பிகளோடு. கழற்றச் சொல்லலாம்தான். கழற்றினால் மூக்கின் இருபுறமும் பள்ளம் தெரியும், கண்ணும் சுருங்கிவிடும், பேரனுக்கு யாரென்றே தெரியாது. அதனால் கண்ணாடியின் இரண்டு காம்புகளையும் காதுக்கு மேலே துளி தூக்கிவிட்டேன். கண்ணாடி முன்பக்கம் லேசாகக் குனிந்தது, ஜன்னல் மறைந்தது, கண் தெரிந்தது. “காதுல நிக்கலைடா” என்றார். ரெண்டு நிமிஷம் நிற்கும் என்றேன்.

பிறகுதான் பெரிய பிரச்சினை, கைகள். சும்மா இருக்கிற கைதான் முழங்காலுக்கு ஓடும். அன்றைய பேப்பரைக் கொடுத்தேன். மடியில் விரித்துக்கொண்டார். வெள்ளைத் தாளில் பட்ட வெளிச்சம் கீழேயிருந்து எழும்பி, கண்ணுக்கடியிலும் தாடைக்கடியிலும் இருந்த கருநிழலைக் கொஞ்சம் கரைத்தது. இதே வேலையைச் செய்வதற்கு ஸ்டூடியோக்களில் ரிப்ளெக்டர் என்று காசு கொடுத்து வாங்கி வைத்திருப்பார்கள்.

யூசுப் கார்ஷ் என்ற புகைப்படக்காரர் 1941-ல் ஒட்டாவாவில் சர்ச்சிலைப் படமெடுத்தபோது, அவர் வாயிலிருந்த சுருட்டைச் சட்டென்று பிடுங்கிவிட்டுக் கேமராவை அழுத்தினார். அந்த முறைப்புதான் உலகப் புகழ் பெற்ற படம். எங்கள் வீட்டில் அந்த வித்தை செல்லாது. சர்ச்சில் முறைத்ததோடு நிறுத்திக்கொண்டார். பாதி படித்த பேப்பரைப் பிடுங்கினால் அப்பா அத்தோடு நிறுத்தமாட்டார்.

எனக்குத் தெரிந்த வித்தை இரண்டுதான். முதலாவது, அவர் விரும்புகிற விறைப்பான படத்தை முதலில் எடுத்துக் கொடுத்துவிடுவது. எடுத்தேன், காட்டினேன். “ம், இது படம்” என்றார். கடமை முடிந்த ஆள் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அப்போது போனை நான் கீழே இறக்கவில்லை.

இரண்டாவது, தப்பாக ஏதாவது சொல்வது. எங்கள் அப்பாவுக்குச் சிரிக்கச் சொன்னால் சிரிப்பு வராது. திருத்தச் சொன்னால் உயிரே வரும்.

“ஏம்ப்பா, தனுஷ்கோடியைப் புயல் அடிச்சது 1966-லதானே?”

“எவன் சொன்னான்?” பேப்பர் சரிந்தது. வலது கை எழுந்தது, ஒற்றைப் புருவம் ஏறியது. “அறுபத்துநாலு! டிசம்பர்! பாம்பன்லேருந்து போன ரயில் அப்படியே போச்சு. என்ன படிச்சே நீ?”

வெளிச்சம் விழுந்த பக்கத்துக் கண்ணின் மேல் தொட்டு போகஸ் வைத்திருந்தேன். பட்டனை விடாமல் அழுத்தி, பர்ஸ்ட் முறையில் வரிசையாக எடுத்துத் தள்ளினேன். பேசுகிறவரை எடுத்தால் பாதிப் படங்களில் வாய் கோணும், கண் மூடும், ஆட்டிய விரல் கலங்கித் தெரியும். அவற்றை அழித்துவிடலாம். வாக்கியம் முடிந்து வாய் மூடுகிற இடத்தில், அடுத்த ஆதாரத்தைத் தேடி அவர் யோசிக்கிற அரை நொடியில் ஒரு படம் கிடைக்கும். எனக்கும் அங்கேதான் கிடைத்தது. என்னைத் திட்டுவதற்குத் தயாராக, உதட்டோரத்தில் ஒரு வெற்றிச் சிரிப்போடு, அசல் அப்பா.

அம்மா பார்த்துவிட்டு, “நாற்பத்தெட்டு வருஷமா இந்த மூஞ்சியைத்தான் பார்த்துட்டிருக்கேன்” என்றாள். இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. பேரனும் அதைத்தான் போனின் முகப்பில் வைத்துக்கொண்டான்.

அப்பாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. “கண்ணாடி கோணல், கை எங்கேயோ இருக்கு” என்றார். முதலில் எடுத்த அடையாள அட்டையைத்தான் சட்டம் போட வேண்டும் என்று உத்தரவு. போட்டாயிற்று. கூடத்தில் இப்போது அதுதான் தொங்குகிறது.

நீங்கள் எடுக்கப் போவதாக இருந்தால் போனில் பியூட்டி மோடை முதலில் அணைத்துவிடுங்கள். நான் சொன்ன சுருக்கம் அத்தனையையும் அது கேட்காமலே இஸ்திரி போட்டுவிடும். விறைப்பான படம் ஒன்றையும் மறக்காமல் எடுத்துக் கொடுங்கள். படத்தில் இருப்பவருக்கும் ஒரு ஓட்டு உண்டு.